ஒரே டைல்செட், இரண்டு பருவம்

தெரிந்த பெண் ஒருத்தி சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறாள். ஜப்பானின் ஹொன்ஷூ தீவில் ஒரு மலையடிவாரக் கிராமம், ஒரு பழைய வீடு, அதைச் சுற்றி நடக்கும் கதை. அதற்கான டைல்களை, அதாவது பக்கம் பக்கமாக அடுக்கிக் காட்சியைக் கட்டும் சின்னச் சதுரப் படங்களை, வரைந்து கொடுத்தது நான். 256×256 பிக்சலில் ஒரு ஷீட். அதில் 16×16 அளவில் 256 டைல்கள். புல், மண்பாதை, குளம், ஓட்டுக் கூரை, வயல், சில வகை மரங்கள். எல்லாமே கோடைகாலப் பச்சையில். வேலை முடிந்து வந்து ராத்திரிகளில் உட்கார்ந்து நான்கு மாதம் வரைந்தது.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் போன் செய்தாள். "அண்ணா, கதையோட ரெண்டாம் பாதி நவம்பர்ல நடக்குது. அதே ஊருதான், ஆனா இலையெல்லாம் சிவந்திருக்கணும். மறுபடி முழுசா வரையணுமா?"

"வேண்டாம்மா, நிறத்தை மட்டும் மாத்திக்கலாம்" என்றேன். சொன்னது சரிதான். அன்று ராத்திரி நான் அதைச் செய்த விதம்தான் தப்பு.

நான் ஏஸ்ப்ரைட் என்ற பிக்சல் ஓவிய மென்பொருளில் வரைகிறேன். ஷீட் முழுக்க `Indexed` முறையில் இருந்தது. அதாவது, ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தை நேரடியாக வைத்திருக்காது, பாலெட் என்ற நிறப் பட்டியலில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கும். 7 என்று எழுதிய பிக்சல்கள் ஷீட்டில் ஆயிரம் இருந்தாலும், பாலெட்டின் 7ஆம் இடத்தில் பச்சையை எடுத்துவிட்டு ஆரஞ்சு வைத்தால் ஆயிரமும் ஒரே நொடியில் ஆரஞ்சாகிவிடும். கேம்களில் இது மிகப் பழைய வழி. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே வரைபடம்தான். மேகத்துக்கு வெள்ளைப் பாலெட், புதருக்குப் பச்சைப் பாலெட். அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னுடைய பாலெட்டில் மொத்தம் 24 நிறங்கள். அதில் இலைக்கு நான்கு பச்சை: வெயில் படும் இடம், நடுநிறம், நிழல், அடி இருட்டு. இப்படி வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக இறங்கும் நிற வரிசையை ராம்ப் என்போம். நான் செய்தது இதுதான்: பாலெட்டில் அந்த நான்கு பச்சையையும் தேர்ந்தெடுத்தேன், `Hue/Saturation` திறந்தேன், `Hue` பட்டையை −70 வரை இழுத்தேன். நடுநிறம் அழகான ஆரஞ்சாக வந்தது. ஆனால் மரம் மரமாக இல்லை. உச்சியில் வெயில் படும் இடம் வெளிறிய சிவப்பாக, கொஞ்சம் தோல் உரிந்தது போல இருந்தது. நிழல் பாசி பிடித்த பச்சையாகிவிட்டது. அடி இருட்டு சுத்தமான கரும்பச்சை. உருண்டையாக, கிளை கிளையாகத் தெரிந்த மரம் தட்டையாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலக் கிடந்தது.

ஏன் இப்படி ஆனது என்று உட்கார்ந்து பார்த்தபோதுதான் இந்த வேலையின் சூட்சுமம் பிடிபட்டது. நிறச் சக்கரத்தில் சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. பிக்சல் ஓவியத்தில் வெளிச்சத்தை மஞ்சள் பக்கமும் நிழலை நீலம் அல்லது ஊதா பக்கமும் சாய்த்து வைப்போம். வெயில் மஞ்சளாக விழும், நிழலில் வானத்து நீலம் கலக்கும் என்பதால் கண் அதை இயல்பாக ஏற்கும். என் பச்சை ராம்பில் வெயில் இடம் 72 டிகிரி, நடுநிறம் 94, நிழல் 142, இருட்டு 180. அதாவது, வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகப் போக எண் ஏறுகிறது.

ஆரஞ்சு ராம்பில் இது தலைகீழ். ஆரஞ்சு சக்கரத்தில் மஞ்சளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் வெளிச்சம் மஞ்சளை நோக்கிப் போனால் எண் ஏறும். நிழல் சிவப்பைத் தாண்டி ஊதாவை நோக்கிப் போனால் எண் இறங்கும். பச்சையிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும்போது நடுவில் மஞ்சளைக் கடக்கிறோம். கடந்ததும் திசை மாறிவிடுகிறது. ஆனால் பட்டையை இழுத்தால் நான்கு நிறமும் ஒரே அளவு நகரும், திசை மாறாது. 72 என்பது 2 ஆனது, அதுதான் அந்த வெளிறிய சிவப்பு. 142 என்பது 72 ஆனது, அதுதான் பாசி. 180 என்பது 110 ஆகி, மரத்தின் அடியில் மறுபடி பச்சை வந்து உட்கார்ந்துகொண்டது.

தட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் வேறு. ஒரு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்று தோராயமாகப் பார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது: சிவப்பு மதிப்பில் 0.30 பங்கு, பச்சையில் 0.59 பங்கு, நீலத்தில் 0.11 பங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். பச்சைக்குத்தான் பெரிய பங்கு. அதனால் பச்சையைக் குறைத்துச் சிவப்பை ஏற்றினால் நிறம் தானாகவே மங்கும். என் நான்கு பச்சைகளின் வெளிச்ச மதிப்பு 188, 138, 94, 60. படிகள் தெளிவாக இருந்தன. பட்டையை இழுத்தபின் அதே நான்கும் 118, 118, 109, 58 ஆகிவிட்டன. வெயில் இடமும் நடுநிறமும் ஒரே வெளிச்சம். நிழல் அதற்கு ஒரு முடி அளவு கீழே. நான்கு படி இருந்த இடத்தில் இரண்டு படிதான் மிச்சம். மரம் தட்டையாகாமல் என்ன செய்யும்?

அப்புறம் பட்டையை விட்டுவிட்டு, நான்கு நிறத்தையும் கையாலேயே தேர்ந்தெடுத்தேன். இரண்டே விதி வைத்துக்கொண்டேன். வெளிச்சப் படிகள் கோடையில் இருந்தபடியே இருக்க வேண்டும். நிறத்தின் சாய்வு மட்டும் திசை மாற வேண்டும். வெயில் இடமான `#b8d44a` இப்போது `#f2b84a`. நடுநிறம் `#6aa83c` இப்போது `#d4762e`. நிழல் `#2f7a4a` இப்போது `#a8432f`. இருட்டு `#1c4a4a` இப்போது `#6b2740`. வெளிச்ச மதிப்பு 189, 138, 95, 62. சக்கரத்தில் 39 டிகிரியிலிருந்து 26, 10 என்று இறங்கி, சிவப்பைத் தாண்டி 338க்குப் போகிறது. அந்தக் கடைசி நிறம் ஒரு கருஞ்சிவப்பு, நாவல் பழச் சாறு போல.

அந்தக் கருஞ்சிவப்பு எனக்கு முதலில் தோன்றவில்லை. பழுப்புதான் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பாதாம் மரம் உண்டு. நம்மூரில் இலை உதிர்வதற்கு முன்னால் நன்றாகச் சிவக்கிற மரம் என்றால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கீழே விழுந்த ஒரு இலையை எடுத்து வந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். வெயில் படும் வளைவில் ஆரஞ்சு, சமதளத்தில் சிவப்பு, ஓரம் மடிந்து நிழல் விழுந்த இடத்தில் பழுப்பே இல்லை. ஒயின் நிறம்தான். மாற்றிவிட்டேன், மரம் உடனே உருண்டு எழுந்தது.

சரி, ஒரு ராம்ப் முடிந்தது. இனி நான்கு நிறத்தை மாற்றினால் ஊர் முழுக்க இலையுதிர் காலம் வந்துவிடும் என்று நினைத்து மாற்றினேன். குளத்தின் கரை கருஞ்சிவப்பானது. ஓட்டுக் கூரையின் இறவாரத்துக்குக் கீழே இருந்த நிழலும் கருஞ்சிவப்பானது. வரையும்போது இருட்டாக ஒரு நிறம் வேண்டும் என்று கை போன இடத்திலெல்லாம் இலையின் அடி இருட்டையே தொட்டு வைத்திருக்கிறேன். கோடையில் அது யாருக்கும் தெரியாது. நீலம் கலந்த கரும்பச்சை எல்லா இடத்திலும் நிழலாக உட்கார்ந்துவிடும். நிறம் மாறும்போதுதான் எதற்குள் எது ஒளிந்திருக்கிறது என்று வெளியே வரும்.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்வது ரொம்பச் சாதாரணம். பாலெட்டில் ஒரு நிறத்தை எடுத்து, தற்காலிகமாக `#ff00ff` ஆக்கிவிடுவேன். கண்ணைக் குத்தும் அந்த மெஜந்தா ஷீட்டில் எங்கெல்லாம் எரிகிறதோ அங்கெல்லாம் அந்த எண் இருக்கிறது. பார்த்து எழுதிக்கொண்டு பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுவேன். 24 நிறத்துக்கும் இப்படி ஒவ்வொன்றாகச் செய்ய அரை மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் நேராக நிறத்தை மாற்றப் போனால், எங்கோ ஒரு ஓரத்தில் இருக்கும் இரண்டு பிக்சல் தப்பிப்போய் கேம் வெளியான பிறகுதான் கண்ணில் படும்.

ஒரே நிறத்தை இரண்டு பொருள் பகிர்ந்துகொண்டால் அவற்றைப் பிரிக்க வேண்டும். பாலெட்டின் கடைசியில் புதிதாக ஒரு இடம் சேர்த்து, அதே நிறத்தை அங்கேயும் வைக்க வேண்டும். குளத்து டைல்களை மட்டும் செலக்ட் செய்து, `Replace Color` திறந்து, பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்ற வேண்டும். கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. ஆனால் இனிமேல் இலை சிவந்தால் குளம் கூடவே சிவக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு இடத்தில் அச்சு அசலாக ஒரே நிறம் இருந்தால், ஃபைல் ஏதோ ஒரு கட்டத்தில் `RGB` முறைக்குப் போய்த் திரும்பி வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். மென்பொருளுக்கு நிறம்தான் தெரியும், நாம் மனதில் வைத்த காரணம் தெரியாது. அதனால் நான் நகல் நிறத்தை ஒரே ஒரு எண் தள்ளி வைப்பேன். இலை இருட்டு `#1c4a4a` என்றால் குளத்து இருட்டு `#1c4a4b`. எந்தக் கண்ணாலும் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியாது, ஃபைலுக்கோ இரண்டும் வேறு வேறு நிறம். ஒரே நிபந்தனை, இதற்குப் பிறகு `Replace Color`இல் `Tolerance` 0 ஆக இருக்க வேண்டும். ஒன்று இரண்டு என்று இருந்தால் நகலையும் சேர்த்து விழுங்கிவிடலாம்.

இந்தப் பிரித்தலில் பெரும் பகுதி மரங்களுக்குப் போனது. என் ஷீட்டில் முக்கியமாக மேப்பிள், ஜிங்கோ, சுகி என்று மூன்று மரங்கள். சுகி என்பது ஜப்பானில் மலை மலையாக நிற்கும் ஊசியிலை மரம். கோடையில் மூன்றுக்கும் அதே நான்கு பச்சை போதுமாக இருந்தது, வடிவம்தான் அவற்றை வேறுபடுத்தியது. இலையுதிர் காலத்தில் அது நடக்காது. இலையில் பச்சையம் சிதையும்போது, அதுவரை அதற்குப் பின்னால் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரியும். ஜிங்கோவுக்கு அவ்வளவுதான், அதனால் அது முழு மஞ்சள். மேப்பிள் அந்த நேரத்தில் சிவப்பு நிறமியைப் புதிதாகவே உண்டாக்குகிறது. சுகி பசுமை மாறா மரம். நவம்பரிலும் பச்சையாகத்தான் நிற்கும்.

ஆக சுகிக்கு நான்கு இடம், ஜிங்கோவுக்கு நான்கு இடம் புதிதாகச் சேர்த்தேன். தேயிலைப் புதரும் பச்சையாகவே இருக்கும் என்பதால் அதைச் சுகியின் எண்களிலேயே சேர்த்துவிட்டேன். சுகியின் பச்சையைக் கொஞ்சம் குளிர வைத்து, கொஞ்சம் மங்கலாக்கினேன், அவ்வளவே. இந்தப் பச்சையை மிச்சம் வைத்ததுதான் முழுக் காட்சியையும் தூக்கி நிறுத்தியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். எல்லா மரத்தையும் ஆரஞ்சாக்கிப் பார்த்திருக்கிறேன். அப்போது படம் மாலை வெயிலில் எடுத்த கோடைகாலம் போலத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு கரும்பச்சை மரம் நின்றால்தான் சிவப்பு சிவப்பாகத் தெரிகிறது.

அடுத்தது புல். முதலில் புல்லையும் வைக்கோல் நிறமாக்கினேன், `#b89a4a`. பாதை எங்கே என்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அவளிடம் அனுப்பினால், "அண்ணா, பாதையைக் காணோம், எங்கே நடக்கணும்னே புரியலை" என்று பதில் வந்தது.

கோடைப் புல் `#7fb04a`, வெளிச்சம் 150. மண்பாதை `#b08a5a`, வெளிச்சம் 144. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சம். அவற்றைப் பிரித்துக் காட்டியது நிறம் மட்டும்தான், சக்கரத்தில் 89 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இருந்த தூரம். புல்லை வைக்கோலாக்கியதும் அது 44க்கு வந்து பாதையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. வெளிச்சமும் 154, 144 என்று பக்கத்தில். பிரிக்க எதுவும் மிச்சமில்லை. கோடையில் ஷீட்டைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு தடவை பார்த்திருந்தால் இந்தக் குறை அப்போதே தெரிந்திருக்கும். கறுப்பு வெள்ளையில் பாதை தெரியவில்லை என்றால், அந்தப் பாதை நிறத்தை நம்பித்தான் நிற்கிறது. பருவம் மாறும்போது முதலில் விழுவது அதுதான்.

இரண்டு பக்கமும் நகர்த்தித்தான் சரிசெய்தேன். புல்லை வைக்கோல் வரை கொண்டு போகாமல் மங்கலான ஆலிவ் பச்சையில், `#9a9a48`இல் நிறுத்தினேன். மிதவெப்ப நாடுகளில் மரம் சிவக்கும்போதும் தரைப் புல் பல இடங்களில் பச்சையாகத்தான் இருக்கும் என்பதால் இதுவே உண்மைக்கும் நெருக்கம். பாதையை மழையில் நனைந்த மண்ணாக்கினேன், `#7d6a66`. சாம்பல் கலந்து, இருண்டு. இப்போது புல் 145, பாதை 111. தூரத்திலிருந்தும் பாதை தெரிகிறது.

புல்லும் பாதையும் சேரும் ஓரத்தில், முனை கூர்மையாகத் தெரியாமல் இருக்க இரண்டுக்கும் நடுவான ஒரு நிறத்தில் பிக்சல்கள் வைத்திருப்போம். அதற்கும் பாலெட்டில் ஓர் இடம் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. நான் மறந்தேன். பாதை ஓரம் முழுக்க ஒற்றைப் பிக்சல் அகலத்தில் கோடைப் பச்சை ஒரு நூல் போல ஓடியது. புதிய இரண்டு நிறத்தின் சராசரி `#8b8257`. அதை வைத்ததும் நூல் மறைந்தது.

இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உதிர்ந்த இலைகள். நவம்பரில் மரத்தடியில் இலை கிடக்க வேண்டும். புல் டைல்களை மறுபடி வரைய மனமில்லை. பாலெட்டில் இரண்டு புது இடம் சேர்த்தேன். கோடையில் அவற்றுக்குப் புல்லின் நிறம்தான், ஒரு எண் மட்டும் தள்ளி. இலையுதிர் காலத்தில் ஒன்று ஆரஞ்சு, இன்னொன்று சிவப்பு. பிறகு புல் டைலில் அங்கங்கே ஐந்தாறு பிக்சலை அந்த எண்களில் வைத்தேன். கோடையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் புல். பாலெட்டை மாற்றியதும் தரை முழுக்க இலை உதிர்ந்து கிடக்கிறது. முதல் முறை அதை மாற்றிப் பார்த்தபோது ராத்திரி ஒரு மணி. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். என்னிடம் எட்டு வகைப் புல் டைல் உண்டு, கேம் அவற்றைக் கலந்து பரப்பும். எட்டிலும் இலை வைத்தபோது 16 பிக்சலுக்கு ஒரு தடவை அதே புள்ளி வந்து தரை புடவை பார்டர் போல ஆகிவிட்டது. மூன்று டைலில் மட்டும் வைத்தேன். டைலின் வெளி ஓரப் பிக்சல்களைத் தொடவில்லை, தொட்டால் பக்கத்து டைலோடு சேரும் இடத்தில் இலை பாதியில் அறுந்து நிற்கும். இதே வழியைத் திருப்பிப் போட்டால் கோடைப் பூக்களை மறைக்கலாம். பூவுக்கு இருந்த இரண்டு நிறத்தையும் இலையுதிர் காலப் பாலெட்டில் புல்லின் நிறமாக்கினேன். பூ அங்கேயே இருக்கிறது, தெரியாது.

ஃபைலைப் பொறுத்தவரை ஒரே ஷீட்தான், பாலெட்தான் இரண்டு. ஏஸ்ப்ரைட்டில் பாலெட்டை `.gpl` ஆகச் சேமித்துவிட்டால் அது வெறும் எழுத்துக் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு நிறம். கோடை ஷீட்டில் ஒரு டைலைத் திருத்தினால் இலையுதிர் ஷீட் தானாக வர வேண்டும் என்பதற்காகச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருக்கிறேன்.

```python
from PIL import Image

def read_gpl(path):
    out = []
    for line in open(path):
        p = line.split()
        if len(p) >= 3 and p[0].isdigit():
            out += [int(v) for v in p[:3]]
    return out

im = Image.open("summer.png")
assert im.mode == "P"
im.putpalette(read_gpl("autumn.gpl"))
im.save("autumn.png")
```

அந்த `assert` வரிதான் காவல். ஷீட் தவறுதலாக `RGB` முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு `.gpl` கோப்புகளிலும் நிறங்களின் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். பாலெட்டை அழகாக அடுக்கலாம் என்று நடுவில் ஒரு நிறத்தை இழுத்து வேறு இடத்தில் போட்டால், கூரையில் தண்ணீர் நிறமும் தண்ணீரில் மர நிறமும் வந்து நிற்கும். எனவே புது நிறம் எப்போதும் கடைசியில்தான் சேரும், இருக்கும் நிறம் இடம் மாறாது. 24இல் ஆரம்பித்த பாலெட் கடைசியில் 38 ஆனது: சுகிக்கு 4, ஜிங்கோவுக்கு 4, குளத்துக்கும் கூரை நிழலுக்கும் சேர்த்து 1, உதிர்ந்த இலைக்கு 2, வயலுக்கு 3.

பாலெட் இரண்டு கையில் இருந்ததும் அவள் அடுத்ததைக் கேட்டாள். "ஒரே நாள்ல மாறினா நல்லா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமா மாறணும்." இரண்டு பாலெட்டுக்கும் நடுவே கணக்குப் போட்டு இடைநிறங்களை எடுத்தேன். `#6aa83c`க்கும் `#d4762e`க்கும் நேர் நடு `#9f8f35`. சேற்று நிறம். அக்டோபர் முழுக்க மரங்கள் நோய் வந்தது போல நின்றன. மேப்பிள் பச்சையிலிருந்து சேறு வழியாகச் சிவப்புக்குப் போவதில்லை. எனவே நடுவில் மூன்றாவதாக ஒரு பாலெட் செய்து, அதே இடத்தில் `#c9b03a` என்ற மஞ்சளை வைத்தேன். இன்னொன்றும் செய்தேன். நான்கு நிறத்தையும் ஒரே நாளில் நகர்த்தாமல், வெயில் படும் நிறத்தை முதலில் மாற்றினேன். நடுநிறம் சில நாள் கழித்து, நிழலும் இருட்டும் கடைசியில். மரத்தில் வெயில் வாங்கும் இலைதான் நன்றாகச் சிவக்கும் என்பதால் மரத்தின் உச்சி முதலில் பற்றிக்கொண்டு, பச்சை மெல்ல உள்ளே ஒதுங்குவது போல வந்தது. ஒரு பிக்சல்கூட வரையாமல் கிடைத்தது இது.

ஆனால் பாலெட்டால் வடிவத்தை மாற்ற முடியாது. அங்கேதான் இந்த வழி நின்றுவிடுகிறது. வயல் டைல்களைத்தான் நான் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். புல்லிலிருந்து மூன்று நிறத்தைப் பிரித்து, நெல்லுக்குத் தனியாகத் தங்க நிறம் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஹொன்ஷூவின் பெரும்பகுதியில் அறுவடை செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடுகிறது. மேப்பிள் நன்றாகச் சிவக்கும் நவம்பரில் வயலில் நெல் நிற்காது, அரிதாள்தான் நிற்கும். நெல் விளையும் ஊரில் வளர்ந்தவன் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது. தங்க நிற வயலை அந்த மூன்றாவது பாலெட்டுக்கு, அக்டோபர் காட்சிக்கு ஒதுக்கிவிட்டு, நவம்பருக்கு அரிதாள் வரிசைகளை வேறாக வரைந்தேன். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெர்சிமன் மரத்துக்கும் அதே கதை. இலை எல்லாம் கொட்டியபிறகும் ஆரஞ்சுப் பழம் மட்டும் மொட்டைக் கிளையில் தொங்கும். அதை எந்தப் பாலெட்டும் தராது. ஸ்டார்டியூ வேலியில் நான்கு பருவத்துக்கும் வெளிப்புற டைல்ஷீட் தனித்தனியாக இருப்பதன் காரணம் எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. பனி வந்து கூரைமேல் உட்காரும்போது கூரையின் கோடே மாறிவிடுகிறது.

ஆக 256 டைல்களில் நான் புதிதாக வரைந்தது பதினொன்று: அரிதாள் வயல் ஏழு, பெர்சிமன் மரத்துக்கு நான்கு. பெர்சிமன் கிளைகளுக்கு மட்டும் இரண்டு ராத்திரி ஆனது. 16 பிக்சல் அகலத்தில் ஒரு மொட்டைக் கிளை வளைந்து, நுனியில் நான்கு பிக்சலில் ஒரு பழம் கனம் தாங்காமல் தொங்க வேண்டும். மூன்றாவது பழத்தை ஒரு பிக்சல் கீழே இறக்கியபோதுதான் கிளை வளைந்ததாகத் தெரிந்தது.